பயிற்சிக்குப் பின் தணிப்பு: நடையா, தசை நீட்சியா?

இதய மறுவாழ்வுப் பயிற்சிக்காக எங்கள் இயன்முறை சிகிச்சைப் பிரிவுக்கு வருவோர் முதல் வாரத்திலேயே இரண்டு கேள்விகளைக் கேட்பது வழக்கம். பயிற்சி முடிந்ததும் உடனே அமர்ந்துவிட்டால் என்ன, எதற்காக இன்னும் சில நிமிடங்கள் மெதுவாக நடக்க வேண்டும் என்பது முதல் கேள்வி. கால்களை நீட்டி இழுக்கும் பயிற்சிகளைச் செய்தால் மறுநாள் வலி வராமல் இருக்குமா, உடல் விரைவாகத் தேறுமா என்பது இரண்டாவது. இரண்டும் ஒரே கேள்வியின் இரு பகுதிகள்போலத் தோன்றினாலும் அவற்றுக்கான விடைகள் முற்றிலும் வேறானவை. முதலாவது இரத்த ஓட்டத்தைப் பற்றியது, இரண்டாவது தசையைப் பற்றியது. இவ்விரண்டையும் ஒன்றாகக் கருதுவதால் சிலர் அவசியமானதை விட்டுவிட்டு, விருப்பமிருந்தால் மட்டும் செய்யவேண்டியதைத் தவறாமல் செய்துவருகின்றனர். ஆகவே இரண்டையும் தனித்தனியே விளக்க விரும்புகிறோம்.

நின்றவுடன் இரத்தம் எங்கே செல்கிறது?

நாம் எழுந்து நிற்கும்போதே, புவியீர்ப்பின் காரணமாகச் சுமார் அரை லிட்டர் இரத்தம் உடலின் மேற்பகுதியிலிருந்து வயிற்றுக்கும் கால்களுக்கும் இறங்குகிறது. நடக்கும்போது இந்தத் தேக்கம் குறைகிறது. கெண்டைக்கால் தசை ஒவ்வோர் அடியிலும் சுருங்கி, தன்னுள் செல்லும் சிரைகளைப் பிழிந்து, இரத்தத்தை இதயத்தை நோக்கி மேலே தள்ளுகிறது. சிரைகளில் உள்ள வால்வுகள் அந்த இரத்தம் மீண்டும் கீழே இறங்காமல் தடுக்கின்றன. இதனால்தான் கெண்டைக்கால் தசையை இரண்டாவது இதயம் என்று சொல்வதுண்டு.

பயிற்சியின்போது, உழைக்கும் தசைகளுக்கு மிகுதியான இரத்தம் தேவைப்படுவதால் கால்களின் இரத்தக் குழாய்கள் நன்கு விரிந்திருக்கும். வேகமாக நடந்துகொண்டிருந்தவர் சட்டென்று நின்றுவிட்டால், விரிந்த குழாய்கள் உடனே சுருங்குவதில்லை. ஆனால் இரத்தத்தை மேலே தள்ளிக்கொண்டிருந்த கெண்டைக்கால் தசையோ அந்தக் கணமே வேலையை நிறுத்திவிடுகிறது. குழாய்கள் திறந்திருக்கின்றன, தள்ளும் விசை இல்லை. இரத்தம் கால்களில் தேங்கி, இதயத்திற்குத் திரும்பும் அளவு குறைந்து, இரத்த அழுத்தம் இறங்குகிறது. கண் இருட்டுதல், தலைசுற்றல், சிலருக்கு மயக்கம் ஆகியவை இவ்வாறே ஏற்படுகின்றன.

உடல் இந்த இறக்கத்தை ஈடுசெய்ய முயல்கிறது. அதற்காக நார்அட்ரினலின் போன்ற ஊக்கச் சுரப்புகள், பயிற்சி நின்ற பிறகும் முதல் சில நிமிடங்களுக்கு இரத்தத்தில் உயர்ந்த அளவிலேயே இருக்கின்றன. நலமான இதயத்திற்கு இதனால் பெரிய தீங்கில்லை. ஏற்கெனவே பாதிக்கப்பட்ட இதயத்திலோ, இரத்த வரத்துக் குறைவும் ஊக்கச் சுரப்புகளின் மிகுதியும் ஒரே வேளையில் சேரும்போது இதயத் துடிப்பின் ஒழுங்கு குலைவதற்கான வாய்ப்பு கூடுகிறது. மேலும், பீட்டா பிளாக்கர், நைட்ரேட், சிறுநீர் பெருக்கி, இரத்த அழுத்தத்தைக் குறைக்கும் பிற மாத்திரைகள் ஆகியவற்றை உட்கொள்வோருக்கு இரத்த அழுத்தம் இறங்கும் போக்கு மற்றவர்களைவிட மிகுதி.

எனவே இதய நோயாளிக்குத் தணிப்பு நடை என்பது பயிற்சியின் ஒரு பகுதியே ஆகும், பயிற்சிக்குப் பின் சேர்க்கும் உபசாரமன்று. நேரம் குறைவாக உள்ள நாளில் முதன்மைப் பயிற்சியைச் சுருக்கிக்கொள்ளலாம், தணிப்பைச் சுருக்கலாகாது.

தணிப்பை எவ்வாறு தேர்ந்தெடுப்பது?

தேர்வுக்கான விதி எளிதானது. செய்த பயிற்சியையே குறைந்த வேகத்தில் தொடர்வதே சிறந்த தணிப்பு. நடந்தவர் மெதுவாக நடக்க வேண்டும். சைக்கிள் மிதித்தவர் சுமையைக் குறைத்து மெதுவாக மிதிக்க வேண்டும். கைகளுக்கான எடைப் பயிற்சி செய்தவர் கூடத்தில் நிதானமாக நடந்தால் போதும், ஏனெனில் இங்கே நமக்கு வேண்டியது கெண்டைக்கால் தசையின் இயக்கம். பொதுவாக 5 முதல் 10 நிமிடங்கள் தேவைப்படும். பயிற்சி எவ்வளவு கடுமையாக இருந்ததோ, மாத்திரைகளால் இரத்த அழுத்தம் எவ்வளவு எளிதில் இறங்குமோ, அவ்வளவுக்கு 10 நிமிடத்தை நெருங்குவது நல்லது.

ஓர் எடுத்துக்காட்டைப் பார்ப்போம். 58 வயதுள்ள ஒருவர் ஆஞ்சியோபிளாஸ்டி செய்துகொண்டு, மருத்துவரின் அனுமதியுடன் மறுவாழ்வுப் பயிற்சிக்கு வருகிறார் என்று கொள்வோம். அவர் பீட்டா பிளாக்கர் மாத்திரை உட்கொள்கிறார். டிரெட்மில்லில் மணிக்கு 4.5 கிலோமீட்டர் வேகத்தில் 20 நிமிடங்கள் நடக்கிறார். அது முடிந்ததும் வேகத்தை 3 கிலோமீட்டருக்குக் குறைத்து 3 நிமிடங்களும், 2 கிலோமீட்டருக்குக் குறைத்து மேலும் 3 நிமிடங்களும் நடக்கிறார். பிறகு டிரெட்மில்லிலிருந்து இறங்கித் தரையில் 2 நிமிடங்கள் உலவுகிறார். மொத்தம் 8 நிமிடங்கள். அதன் பின் நாற்காலியில் அமர்கிறார், அவருடைய இரத்த அழுத்தம் அளக்கப்படுகிறது.

தணிப்பு போதுமானதா என்பதை அவர் எப்படி அறிவது? நாடித்துடிப்பை மட்டும் நம்ப இயலாது. பீட்டா பிளாக்கர் துடிப்பை எப்போதும் குறைத்தே வைத்திருப்பதால், உடல் இன்னும் தணியாத நிலையிலும் எண்ணிக்கை சிறியதாகவே தோன்றும். மூச்சே இங்கு நல்ல அளவுகோல். இடையில் மூச்சு வாங்காமல் இரண்டு மூன்று முழு வாக்கியங்களைப் பேச முடிய வேண்டும், வியர்வை அடங்கத் தொடங்கியிருக்க வேண்டும், எழுந்து நின்றால் தலை இலேசாவதுபோன்ற உணர்வு இருத்தல் ஆகாது. இவற்றில் ஒன்று குறைந்தாலும் மேலும் சில நிமிடங்கள் உலவுதல் வேண்டும்.

உலவும்போதே தலைசுற்றல் ஏற்பட்டால் தொடர்ந்து நடக்க முயலக் கூடாது. உடனே அமர்ந்து, இயலுமானால் மல்லாந்து படுத்துக் கால்களை உயர்த்தி வைத்து, பயிற்சியாளரை அழைக்க வேண்டும். வீட்டில் பயிற்சி செய்வோர், முடித்தவுடன் வெந்நீரில் குளிப்பதைத் தவிர்த்துச் சற்று நேரம் பொறுத்திருப்பது நல்லது. வெந்நீர் தோலின் இரத்தக் குழாய்களை விரித்து, இரத்த அழுத்தத்தை மேலும் இறக்கிவிடும். பயிற்சி முடிந்த முதல் கால் மணி நேரம் குடும்பத்தினர் ஒருவர் கண்பார்வையில் இருப்பதும் விரும்பத்தக்கது.

இவ்விடத்தில் ஒரு தவறான வழக்கத்தைக் குறிப்பிட வேண்டும். நடையை முடித்தவுடன் சுவரைப் பிடித்துக்கொண்டு அசையாமல் நின்று தசைகளை நீட்டுவதையே தணிப்பு என்று பலர் கருதுகின்றனர். நீட்சியின்போது கெண்டைக்கால் தசை சுருங்கி விரிவதில்லை, ஆகையால் இரத்தத்தை மேலே தள்ளும் வேலையும் நடைபெறுவதில்லை. குனிந்து கால்விரல்களைத் தொட்டுவிட்டுச் சட்டென நிமிர்வது இன்னும் மோசமானது, இறங்கிக்கொண்டிருக்கும் இரத்த அழுத்தத்தின் மீது அது மேலும் ஒரு சோதனையைச் சுமத்துகிறது. நீட்சி செய்வதானால் தணிப்பு நடைக்குப் பின்னரே செய்ய வேண்டும், நடைக்குப் பதிலாக அன்று.

மறுநாள் வலி எதனால் வருகிறது?

இனி இரண்டாவது கேள்விக்கு வருவோம். பழக்கமில்லாத பயிற்சிக்குப் பின் 12 முதல் 24 மணி நேரத்தில் தொடங்கி, இரண்டாம் அல்லது மூன்றாம் நாளில் உச்சமடைந்து, ஒரு வாரத்திற்குள் தானே நீங்கும் தசைவலி நாம் அனைவரும் அறிந்ததே. தசையில் லாக்டிக் அமிலம் தேங்குவதால் இவ்வலி வருகிறது, தணிப்பும் நீட்சியும் அதை வெளியேற்றிவிடும் என்று நெடுங்காலமாகச் சொல்லப்பட்டு வருகிறது. இது சரியன்று. பயிற்சியில் உயரும் லாக்டேட் அளவு, நாம் ஒன்றும் செய்யாமல் அமர்ந்திருந்தாலும் ஏறத்தாழ ஒரு மணி நேரத்தில் இயல்பு நிலைக்குத் திரும்பிவிடுகிறது. வலியோ மறுநாள்தான் தொடங்குகிறது. ஒரு மணி நேரத்தில் மறைந்துவிட்ட ஒன்று இரண்டாம் நாளின் வலிக்குக் காரணமாக இருக்க இயலாது.

உண்மையான காரணம், தசை நீண்டுகொண்டே சுமை தாங்கும் வேலையில் உள்ளது. படியில் இறங்கும்போது தொடையின் முன்தசை உடல் எடையைத் தாங்கியபடியே நீள்கிறது. நாற்காலியில் மெல்ல அமரும்போதும் அவ்வாறே. இத்தகைய வேலை புதிதாக இருந்தால் தசை நார்களில் நுண்ணிய சிதைவுகள் ஏற்பட்டு, அவற்றைச் சீர்செய்யும் அழற்சி தொடங்குகிறது. அப்போது நரம்பு முனைகள் கூருணர்வு பெறுவதால், தொட்டாலும் அசைத்தாலும் வலிக்கிறது. படி ஏறுவதைவிட இறங்குவதே மறுநாள் மிகுதியான வலியைத் தருவதற்குக் காரணம் இதுவே.

நீட்சி இவ்வலியைக் குறைக்கும் என்ற எண்ணம், 1960களில் வழங்கிய ஒரு கருத்திலிருந்து வலுப்பெற்றது. பயிற்சிக்குப் பின் தசை பிடிப்புக்கு உள்ளாகி, அதனால் இரத்த ஓட்டம் தடைப்பட்டு வலி உண்டாகிறது என்றும், நீட்சி அந்தப் பிடிப்பை விடுவிக்கும் என்றும் அன்று கருதினர். அக்கருத்து பின்னர் நிலைபெறவில்லை. ஆயினும் அதிலிருந்து பிறந்த வழக்கம் நிலைத்துவிட்டது.

ஆய்வுகள் சொல்வது என்ன?

மருத்துவச் சான்றுகளைத் தொகுத்து ஆராயும் காக்ரேன் அமைப்பு, 2011ஆம் ஆண்டில் இது குறித்து 12 ஆய்வுகளை ஒன்றுசேர்த்து மதிப்பிட்டது. வலியை 100 புள்ளி அளவுகோலில் குறித்தபோது, பயிற்சிக்குப் பின் செய்த நீட்சி மறுநாள் வலியைச் சராசரியாக ஒரு புள்ளி அளவே குறைத்தது. அத்தொகுப்பில் இருந்த, இரண்டாயிரத்திற்கும் மேற்பட்டோர் பங்கேற்ற ஒரு பெரிய ஆய்வில், ஒரு வாரத்தில் உணர்ந்த உச்ச வலி ஏறத்தாழ நான்கு புள்ளிகள் குறைந்தது. 100இல் ஒரு புள்ளியோ நான்கு புள்ளியோ குறைவதை ஒருவர் தம் உடலில் தெளிவாக உணர்வது அரிது.

தணிப்பு நடைக்கும் வலியைப் பொறுத்தவரை இதே நிலைதான். 2007இல் வெளியான ஓர் ஆய்வில், சரிவான டிரெட்மில்லில் பின்னோக்கி இறங்கி நடக்கச் செய்து வேண்டுமென்றே வலி உண்டாக்கினர். முன்கூட்டியே இலேசாக நடந்து உடலைச் சூடேற்றிக்கொண்டவர்களுக்கு வலி ஓரளவு குறைந்தது. பின்னர் தணிப்பு மட்டும் செய்தவர்களுக்குக் குறையவில்லை. ஆகவே வலியைக் கருதிச் சில நிமிடங்களைச் செலவிடுவதானால், அவற்றைப் பயிற்சிக்கு முன் செலவிடுவதே மேல். இந்த ஆய்வுகளில் பங்கேற்றோர் பெரும்பாலும் உடல்நலம் உள்ளவர்கள் என்பதையும் சொல்லியாக வேண்டும். எனினும் வலி உண்டாகும் விதம் நோயாளிக்கும் அதுவேயாதலால், நீட்சி அவர்களுக்கு மட்டும் பெரும் பயன் தரும் என்று எதிர்பார்க்க இடமில்லை.

மறுநாள் வலியை உண்மையில் குறைப்பது எது? அதே பயிற்சியை முன்னரே ஒருமுறை சிறிய அளவில் செய்திருப்பதே. ஒருமுறை இவ்வலியைக் கண்ட தசை, அடுத்த சில வாரங்களுக்கு அதே வேலையால் எளிதில் வலிகொள்வதில்லை. நம் எடுத்துக்காட்டில் உள்ளவருக்கு இரண்டாம் வாரத்தில் படிப் பயிற்சி சேர்க்கப்படுகிறது என்று வைத்துக்கொள்வோம். முதல் நாளிலேயே 30 முறை படி இறங்கச் செய்தால் மூன்று நாள் அவர் நாற்காலியில் அமரவே சிரமப்படக்கூடும். முதல் நாள் 8 முறை, இரண்டு நாள் கழித்து 12 முறை, அதன் பின் 16 முறை என்று உயர்த்தினால், பெரிய வலியின்றியே இரண்டு வாரங்களில் அவர் 30ஐ எட்ட இயலும். எத்தனை நிமிடங்கள் நீட்டினார் என்பதைவிட, சுமையை எவ்வளவு நிதானமாகக் கூட்டினார் என்பதே அவருடைய வலியைத் தீர்மானிக்கிறது.

நீட்சியால் முன்னேற்றம் உண்டா?

இக்கேள்விக்கு விடை காண, எத்தகைய முன்னேற்றம் என்று முதலில் வரையறுத்துக்கொள்ள வேண்டும். நடக்கும் தூரம் கூடுவதும் மூச்சுத் திணறல் குறைவதும் நடையினாலும், எழுந்து அமரும் வலிமை கூடுவதும் சுமைப் பயிற்சியினாலும் விளைபவை. பயிற்சிக்குப் பின் செய்யும் சில நிமிட நீட்சி இவற்றைத் துரிதப்படுத்துவதுமில்லை, குலைப்பதுமில்லை. மூட்டின் அசைவெல்லை மட்டும் நீட்சியால் கூடுகிறது, அதுவும் வாரத்தில் பல நாள், பல வாரங்கள் தொடர்ந்து செய்தால்.

ஆகவே நீட்சி யாருக்கு வேண்டும் என்பதை இறுக்கமே முடிவு செய்கிறது. சுவரை நோக்கி நின்று, பின்காலின் குதிகாலைத் தரையிலிருந்து எடுக்காமலும் முழங்காலை மடக்காமலும் முன்னே சாய்ந்து பார்த்தால், கெண்டைக்கால் இறுக்கம் தெரிந்துவிடும். ஒரு பக்கம் மற்றதைவிட விரைவில் இழுத்தாலோ, குதிகால் தரையில் நில்லாமல் எழும்பினாலோ நீட்சி பயன் தரும். அதே நிலையில் 30 விநாடி இருந்து, ஒவ்வொரு காலுக்கும் இரண்டு அல்லது மூன்று முறை செய்தால் போதுமானது. இழுவிசை உணரப்பட வேண்டும், வலி கூடாது. குலுக்குவதோ மூச்சை அடக்குவதோ கூடாது. மூச்சை அடக்கினால் இரத்த அழுத்தம் திடீரென ஏறி இறங்கும்.

இறுக்கம் இல்லாதவர் நீட்சியை விட்டுவிட்டால் இழப்பு ஒன்றுமில்லை. செய்வது இதமாக இருக்கிறது என்றால் செய்யலாம், அதுவும் நல்ல காரணமே. ஆனால் ஏற்கெனவே வலிக்கும் தசையை வலுவாக இழுக்கலாகாது. நெஞ்செலும்பைத் திறந்து அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்கள், அறுவை மருத்துவர் அனுமதிக்கும் வரை கைகளைப் பின்னோக்கி விரித்து மார்பை நீட்டும் பயிற்சிகளைச் செய்யக் கூடாது. மூட்டு மாற்று அறுவைக்குப் பின்னும், தோள் இறுக்கத்திற்கும் கற்றுத்தரப்படும் நீட்சிகள் வேறு வகையைச் சேர்ந்தவை. அவை சிகிச்சையே ஆதலால், இக்கட்டுரையைப் படித்துவிட்டு அவற்றை நிறுத்தலாகாது.

தாமே சோதித்து அறிய விரும்புவோர் இரண்டு வாரங்களுக்கு ஒவ்வொரு பயிற்சிக்குப் பின்னும் வலக்காலை மட்டும் நீட்டி, இடக்காலை விட்டுவிடலாம். அடுத்த இரண்டு நாள் காலையிலும் படி இறங்கும்போது ஒவ்வொரு தொடையிலும் கெண்டைக்காலிலும் உள்ள வலியை 0 முதல் 10 வரை மதிப்பிட்டுக் குறித்துவைக்க வேண்டும். இரு கால்களுக்கும் அதே பயிற்சி, அதே உறக்கம், அதே மாத்திரை என்பதால் இது நேர்மையான ஒப்பீடு. வேறுபாடு தெரியவில்லையெனில் அந்த நிமிடங்களைத் தணிப்பு நடைக்குத் தரலாம்.

எந்த வலியைச் சாதாரணமாகக் கொள்ளக் கூடாது?

பயிற்சியால் வரும் வலி பெரும்பாலும் இருபுறமும் இருக்கும், தசையின் பரப்பில் பரவியிருக்கும், மெல்ல நடந்தால் சற்று இளகும். ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கி, சூடாகி, வலித்தால் அது சிரையில் இரத்தம் உறைந்ததற்கான அறிகுறியாக இருக்கலாம். அதை நீவவோ நீட்டவோ செய்யாமல் அன்றே மருத்துவரிடம் காட்ட வேண்டும். கடும் தசைவலியுடன் சிறுநீர் தேநீர் அல்லது கோலா நிறமாகக் கழிந்தால் உடனடியாக அவசர சிகிச்சைப் பிரிவுக்கு வர வேண்டும். நெஞ்சிலோ தாடையிலோ கையிலோ பரவும் அழுத்தமும் தசைவலி அன்று, அதற்கும் அவசர சிகிச்சையே வேண்டும். கொழுப்பைக் குறைக்கும் ஸ்டாட்டின் மாத்திரை உட்கொள்வோருக்கு, புதிய பயிற்சி எதுவும் இல்லாமலே இரு தொடைகளிலும் வலி தோன்றி ஒரு வாரத்திற்கு மேல் நீடித்தால் மருத்துவரிடம் தெரிவிக்க வேண்டும். மாத்திரையைத் தாமாக நிறுத்திவிடக் கூடாது.

அடுத்த முறை பயிற்சிக்கு வரும்போது, தாங்கள் உட்கொள்ளும் மாத்திரைகளின் பட்டியலையும், கடந்த பயிற்சிக்குப் பின் தலைசுற்றல் இருந்ததா, வலி எத்தனை நாள் நீடித்தது என்ற குறிப்பையும் எடுத்து வருமாறு கேட்டுக்கொள்கிறோம். தங்களுக்கான தணிப்பு நடையின் நேரத்தையும், நீட்சி வேண்டுமா வேண்டாவா என்பதையும் அவற்றைக் கொண்டே முடிவு செய்வோம்.